கன்னியப்பனின் ராகி மாவு மன்னிப்பு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்கரைப் பக்கம் போகும் தெருவில் மாவு மில் வைத்திருக்கும் கன்னியப்பன், தன் ஆயுளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. தப்பே செய்யாதவர் என்று இதற்கு அர்த்தமில்லை. தப்புகள் தாராளமாக நடந்திருக்கின்றன. அவற்றுக்குச் சொந்தக்காரர் மட்டும் எப்போதும் வேறு யாராவதாக இருப்பார். ஒருமுறை கல்யாணப் பந்தல் காலில் மொபட்டை விட்டு, பந்தலோடு வாழைமரமும் சாய்ந்தபோது, "ரோட்ல கொண்டாந்து நட்டு வெச்சா இன்னா பண்றது" என்று பெண் வீட்டாரைக் கோபித்துக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். மனைவி சசிரேகாவிடம் வாய் நீண்டுபோன நாட்களில் மல்லிகைப்பூ வாங்கிவந்து சாமி படத்து ஆணியில் மாட்டுவார். பூ சாமிக்கா தனக்கா என்பது சசிரேகாவுக்குத் தெரியும். சாமிக்கும் தெரியும்.

இப்படிப்பட்டவர் போன ஆடி மாதம் ஊரிடமே மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. அதுவும் வீடியோவில்.

மில்லில் இரண்டு மிஷின். ஒன்று மிளகாய், மல்லிக்கு, மற்றது தானியத்துக்கு. தானிய மிஷினில் அரைத்த ராகியைப் பாக்கெட் போட்டு, 'பூஜா ராகி மாவு' என்று பெருநகர், சாலவாக்கம் வரைக்கும் கடைகளுக்கு அனுப்புகிறார். பாக்கெட்டின் மேல் பொக்கை வாயோடு சிரிக்கும் குழந்தை அவருடைய மகள் பூஜா. அந்தக் குழந்தைக்கு இப்போது கல்யாண வயது. சென்னையில் ஒரு கம்பெனியில், பொருள் வாங்கி நொந்தவர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை.

மிஷின் ஓட்டும் ஜான்சன் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தபோது மிளகாய் மிஷினின் பெல்ட் அறுந்தது. அன்றைக்கென்று மச்சான் வேதகிரி ஒரு மூட்டை மிளகாயோடு வந்து நின்றார். மச்சானிடம் முடியாது என்று சொல்ல முடியுமா? கன்னியப்பன் தானிய மிஷினிலேயே கொட்டி அரைத்துக் கொடுத்துவிட்டார். மிளகாய் ஓடிய மிஷினை அப்புறம் திறந்து துடைத்து, நொய்யரிசி ஓட்டி, அந்த நொய் வெள்ளையாக வெளியே வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வேறெதையும் அரைக்க வேண்டும். கன்னியப்பன் மிஷினைப் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார். பிறகு ராகியைக் கொட்டினார்.

அந்த மாவில் முதல் மூட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் காய்ச்சப் போனது. முதல் சொம்பு வாங்கிக் குடித்தவர்களுக்குக் கண் சிவந்தது. பூசாரி எல்லப்பன், "ஆத்தா உக்கிரமா கீறா" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தன் பங்குக்கு ஒரு சொம்பு குடித்த பிறகு எல்லப்பனே, "யார்ரா மாவு குடுத்தது?" என்று கேட்டார்.

மிச்சம் பாக்கெட்டாகக் கடைகளுக்குப் போயிருந்தது. சாலவாக்கத்திலிருந்து தேவயானி என்ற பெண், குழந்தை கஞ்சியைத் துப்பிவிட்டு அழும் சத்தத்தோடு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். யாரோ பாக்கெட் குழந்தையின் கண்ணில் இரண்டு சொட்டுக் கண்ணீர் வரைந்து ஊரெல்லாம் சுற்றவிட்டார்கள். ஆடி மாதம்தான் ராகி மாவுக்குத் தீபாவளி. அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர்கள் சேர்ந்தாற்போல் சொல்லிவிட்டார்கள்: வெள்ளிக்கிழமைக்குள் ஜனங்களுக்குப் பதில் சொல்லாவிட்டால், பூஜாவை இறக்கிவிட்டு வேறு கம்பெனி மாவைத் தொங்கவிடுவோம்.

கன்னியப்பனிடம் பதில் தயாராக இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம், "ஜான்சன் பய கவனிக்காம வுட்டுட்டான்" என்றார். கல்யாணம் முடிந்து திரும்பிய ஜான்சன் இதை டீக்கடையில் கேட்டுவிட்டு நேராக மில்லுக்கு வந்தான்.

"ஏன் மொதலாளி, நான் பந்தியில பாயசம் ஊத்திக்கினு இருந்தேன். அங்கேர்ந்தேவா மொளகா அரைச்சேன்?"

"ஊர் வாய மூடறதுக்கு ஒரு பேரு வேணும்ல."

"உங்க பேரு நல்லாத்தான் கீது."

வியாழக்கிழமை பூஜா சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். கையில் ஒரு தாள். வலது பக்கம் பேசவேண்டியது, இடது பக்கம் எப்படிப் பேசவேண்டும் என்பது. முதலில் நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு மன்னிப்பு. பிறகு எந்தத் தேதி போட்ட பாக்கெட், அதை யாரும் சாப்பிட வேண்டாம், குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம், பிரித்திருந்தாலும் கடையில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்பது. கடைசியாக, இனி மில்லில் என்ன மாறும் என்பது. இடது பக்கம் இப்படி இருந்தது: சிரிக்கக் கூடாது. கும்பிடு ஒரு தடவை போதும். யார் மேலும் பழி கூடாது. சாமியை இழுக்கக் கூடாது. அழுது காட்டக் கூடாது. 'இருந்தால்' என்ற சொல்லே வரக் கூடாது.

"இவ்ளோ கூடாதுன்னா நான் எதுக்கு? என் போட்டோவ வெச்சி நீயே பேசிக்க" என்றார் கன்னியப்பன்.

"என் போட்டோதான் நைனா ஊர் பூரா அழுதுகினு கீது. நீ உக்காரு."

ஜான்சன் திரை முதலாளி பக்கம் தெரியும்படி போனைப் பிடித்தான். கன்னியப்பன் தலை வாரி, பவுடர் பூசி, கல்லாவுக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அனைவருக்கும் வணக்கம். எங்க மாவு ஒருவேளை உங்களுக்குக் காரமா இருந்திருந்தா..."

"இருந்திருந்தா இல்ல நைனா. இருந்துச்சி."

"அனைவருக்கும் வணக்கம். காரம் இருந்துச்சி. ஆனா கரண்ட்டு வந்து வந்து போச்சி..."

"கரண்ட்டு போனா மொளகா எப்டி வரும்?"

"அனைவருக்கும் வணக்கம். காரம் ஒடம்புக்கு நல்லதுன்னு பெரியவங்க..."

ஜான்சன் போனை இறக்கிவிட்டான். கை வலிக்கிறது என்றான். பூஜா தாளை மடித்தாள்.

"நீ அந்த மாவுல ஒரு வாய் குடிச்சிப் பாத்தியா நைனா?"

"நான் எதுக்குக் குடிக்கணும்?"

"அது எப்டி கீதுன்னே தெரியாம எதுக்காக மன்னிப்புக் கேக்கற?"

சசிரேகா மில்லை ஒட்டிய வீட்டுக்குள் போய், அந்த மாவில் காய்ச்சிய கூழ் ஒரு சொம்பு கொண்டுவந்து கல்லாமேல் வைத்தாள். முன்கூட்டியே காய்ச்சி வைத்திருப்பாள் போல.

"பெருசா இன்னா காரம், பொம்பளைங்க கூத்து" என்று கன்னியப்பன் மடமடவென்று பாதிச் சொம்பு குடித்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு காது சிவந்தது. மூக்கு ஒழுகியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டி, பவுடரில் இரண்டு வாய்க்கால் வெட்டிக்கொண்டு இறங்கியது. ஜான்சன் மறுபடி போனைத் தூக்கியிருந்தான்.

கன்னியப்பன் திரையில் தன் முகத்தைப் பார்த்தார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன் முகம். இதை இப்படியே விட்டால் போதும், பேசவே வேண்டாம், ஊரே உருகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த யோசனையோடு மூச்சை உள்ளே இழுத்தார். மிளகாய் தொண்டையில் இன்னொரு பிடி பிடித்தது. சாலவாக்கத்துக் குழந்தையின் அழுகைச் சத்தம் ஞாபகம் வந்தது.

"இது அழுகை இல்ல" என்றார் கன்னியப்பன் போனைப் பார்த்து. "காரம். எனக்கே இப்டி கீது. கொயந்தைக்கு எப்டி இருந்திருக்கும். மொளகா ஓட்டன மிஷினுல நொய்யி ஓட்டாம ராகி அரைச்சிட்டேன். ஜான்சன் இல்ல, அவன் ஊர்லயே இல்ல. நான்தான். மன்னிச்சிக்குங்க." பாக்கெட் ஒன்றைப் போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். "இந்தத் தேதி போட்ட பாக்கெட்ட யாரும் தொடாதீங்க, கடையில குடுத்துட்டு காச வாங்கிக்குங்க. இனிமே அந்த மிஷினுல மொளகா ஏறாது, மச்சானே கொண்டாந்தாலும். அரைச்ச மாவ நான் காய்ச்சிக் குடிச்ச பெறவுதான் பாக்கெட்டு போடுவோம். கொஞ்சம் தண்ணி குடுங்க."

தண்ணீர் கேட்டதையும் வெட்டாமல் பூஜா அப்படியே அனுப்பிவிட்டாள்.

பாக்கெட்டுகள் திரும்பி வந்து மில்லில் மலையாகக் குவிந்தன. ஆனால் கடைகளில் ஆணி காலியாகவில்லை. புதுத் தேதி போட்ட பூஜா அங்கேயே தொங்கினாள். மச்சான் மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டார். பெருநகரில் பக்கோடாக் கடை வைத்திருக்கும் கோபால் போன் செய்து, அந்தக் கார மாவு மிச்சம் இருந்தால் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். கன்னியப்பனின் வாய் "எவ்ளோ" என்று திறந்தது. சசிரேகா சொம்பைக் கையில் எடுத்தாள். "இல்லப்பா, எருக்குழிக்குப் போய்டுச்சி" என்றார் அவர். அதற்கப்புறம்தான் போய்க் கொட்டினார்.

இப்போதும் பாக்கெட் கட்டுவதற்கு முன் கல்லாமேல் ஒரு டம்ளர் கஞ்சி வந்துவிடும். கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடிப்பார். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி ஜான்சன் கேட்பான்:

"இருந்துச்சா மொதலாளி, இருந்திருந்தா?"