சுவரில் ஒட்டிய கடைசி வரி

நர்சிங் கடைசி வருஷம், திருவண்ணாமலையில் ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சி. மூளையில் அடிபட்ட ஒருவரைப் பற்றிக் கேஸ் ஸ்டடி எழுத வேண்டும். எனக்குக் கிடைத்தவர் அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருந்தவர். லாரி தட்டி முன்மூளையில் காயம். மெட்ராசில் ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருஷம். வலிப்பு மாத்திரையை மாற்றுவதற்காக வார்டில் இருந்தார்.

கிழமை கேட்டேன், ஊர் கேட்டேன், காலையில் நினைவில் வைக்கச் சொன்ன மூன்று பொருளைக் கேட்டேன். டாண் டாண் என்று பதில். 'பெரிய குறை இல்லை' என்று எழுதிவிட்டேன். எனக்கு அப்போது வாய் ஜாஸ்தி, அனுபவம் கம்மி.

அவர் மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள். "கேட்டா எல்லாம் சொல்லுவாருங்க. சொல்லலைன்னா சோத்துல கைகூட வைக்கமாட்டாரு. டம்ளர் கழுவ உக்காந்தா, போதும்னு சொல்ற வரைக்கும் அதையே கழுவுவாரு."

புத்தகத்தில் இருந்த சோதனையைச் செய்தேன். நான் மேஜையில் ஒரு தடவை தட்டினால் அவர் இரண்டு தடவை தட்ட வேண்டும். நான் இரண்டு தட்டினால் அவர் தட்டக் கூடாது. விதியைப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். நான் இரண்டு தட்டியதும், "தட்டக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே தட்டினார். தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவே எதுவோ அறுந்திருந்தது. எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

'அடிபடும் முன் குணம்' என்ற தலைப்புக்கு அவளைக் கேட்டேன். அரைப்பக்கம் போதும், அவள் ஒரு மணி நேரம் பேசினாள். கடையைச் சாத்திவிட்டு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "சாப்பிட்டியா?" என்று கேட்பாராம். "அந்த ஒண்ணுதாங்க வேணும். திரும்ப வருமா?"

வராது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் பார்த்தேயிராத அந்தப் பழைய மனிதருக்காக எனக்கே ஏக்கமாக இருந்தது.

'பராமரிப்புத் திட்டம்' என்ற இடத்தில், தானாகத் தொடங்காதவருக்கு எழுதி வைத்த அட்டவணை உதவும் என்று எழுதினேன். அவர் வீடு திரும்பியதும் போய், பல் துலக்கவும், மாத்திரை போடவும், ஐந்து டம்ளர் கழுவி நிறுத்தவும் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்தார், செய்தார்.

அவள் தயங்கி, "கடைசியா ஒரு வரி சேர்ப்பீங்களா?" என்றாள். என்ன வரி என்று சொன்னாள். எழுதினேன்.

கேஸ் ஸ்டடியிலும் அந்த அட்டவணையை அப்படியே எழுதியிருந்தேன். திருத்திக் கொடுத்த டியூட்டர் அந்த ஒரு வரியை மட்டும் அடித்திருந்தார். 'இது நோயாளியின் தேவை அல்ல' என்று ஓரத்தில் குறிப்பு. சரிதான். நானும் அதை விட்டுவிட்டு நகல் எழுதிக் கொடுத்தேன்.

பயிற்சி முடியும் முன் ஒருமுறை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் சுவரைப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்தார். ஏற்ற இறக்கமே இல்லாத குரலில், "சாப்பிட்டியா?" என்றார்.

அடுப்பில் சோறு அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டேங்க" என்றாள் அவள்.