வைரப் பெட்டியும் வட்டப் பொத்தானும்

தவறுதலாக வாங்கியதற்குப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை ஒவ்வொரு கோரிக்கையாகப் பார்த்து முடிவு செய்வோம். ஆப் விற்கும் அந்தக் கடையின் விதி இவ்வளவுதான். அரசுக் கணக்குத் தணிக்கையில் தலை நரைத்தவன் நான். முதல் பாதியில் உரிமையைக் கொடுத்து இரண்டாம் பாதியில் அதை எடுத்துக்கொள்ளும் விதிகளை நானே எழுதியிருக்கிறேன். அதனால் அந்த வாசகத்தைப் படித்ததும் ஒரு சகதொழிலாளியைச் சந்தித்த மரியாதைதான் முதலில் வந்தது.

அமெரிக்காவில், டெக்சாஸின் பிளானோ நகரில் மகள் வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். மாப்பிள்ளை தன் பழைய டேப்லெட்டை எங்களுக்குக் கொடுத்திருந்தார். கீழே வட்டப் பொத்தான் வைத்த பழைய மாதிரி. அதில் என் பெயரில் கணக்கு. அந்தக் கணக்கு அவருடைய குடும்பக் குழுவில். குழுவுக்குப் பணம் கட்டும் கார்டும் அவருடையது. பொத்தானில் என் விரல் ரேகையோடு மனைவியின் ரேகையும் பதிந்திருந்தது. முதல் நாளே எல்லாவற்றையும் நான்தான் முறைப்படி செய்துவைத்தேன்.

என் மனைவி வாழ்நாளில் முட்டைகூடத் தொட்டதில்லை. டெக்சாஸ் வந்து மூன்றாம் மாதம் அந்த டேப்லெட்டில் ஒரு பர்கர் கடை தொடங்கினாள். விளையாட்டுதான். வாடிக்கையாளர் வரிசையில் நிற்பார்கள், இவள் கறியை வாட்டி ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். "பாவம், அந்தத் தொப்பிக்காரன் ரொம்ப நேரமா நிக்கறான்" என்று சாம்பாரை அடுப்பில் விட்டு ஓடுவாள்.

ஒரு நாள் மத்தியானம் முகம் வெளிறி வந்து நின்றாள்.

"ஏன்னா, ஒரு பெட்டி வந்தது. வைரப் பெட்டின்னு. எனக்கு வேண்டாம்னு மூடப் போனேன். நன்றின்னு வந்துடுத்து."

"எதை அழுத்தி மூடினே?"

"கீழ இருக்கே, அந்த வட்டத்தை. எல்லாத்தையும் அதைத்தானே அழுத்தி மூடுவேன்."

விலை கேட்டுத் திரை வந்து நிற்கும்போது அந்தப் பொத்தானில் விரல் வைத்தால், அது கதவு அல்ல, கையெழுத்து. வேண்டாம் என்று சொல்லப்போய் ரேகை வைத்துச் சம்மதம் தெரிவித்திருக்கிறாள். விளையாட்டில் கடையை அலங்கரிக்க மட்டுமே உதவும் வைரங்களுக்கு, நிஜப் பணத்தில் நூறு டாலருக்கு ஒரு சென்ட் குறைவு.

"மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது" என்றாள். "அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். அதான் எனக்குப் பயம். சம்பந்தி வீட்டில அத்தை பர்கர் கடைக்கு வைரம் வாங்கினாள்னு போய்ச் சேர்ந்தா, அப்புறம் நான் எந்த முகத்தை வெச்சுண்டு கல்யாணத்துக்கெல்லாம் போறது?"

நானே பணத்தைக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் எதற்கு என்று சொல்லாமல் மாப்பிள்ளை கையில் டாலரைத் திணிக்க முடியாது. பணம் வந்த வழியே போக வேண்டும். அது கடையின் கையில் இருந்தது.

கோரிக்கைப் பக்கத்தைத் திறந்தேன். பில் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. வங்கியில் முடியும்வரை கோரிக்கை வைக்க முடியாது. எனக்கு இது நியாயமாகவே பட்டது. செலவு பதிவாகாமல் எப்படித் திரும்பப் பெறுவது? மனைவியிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "அந்த வைரத்தைத் தொடாதே. தொட்டா வேணும்னு வாங்கினதா ஆகிடும்."

பில் பதிவானது. கோரிக்கை எழுத உட்கார்ந்தபோது பார்த்தேன், பர்கர் கடைக்குப் பளிங்குத் தரை போட்டிருந்தது. வாசலில் நீரூற்று.

"இது என்னது?"

"பாதிதான் எடுத்தேன்."

"தொடாதேன்னேனே!"

"காசு குடுத்தாச்சு. வாங்கினதை வீணாக்கச் சொல்றேளா?"

முப்பது வருடம் எத்தனையோ அலுவலகங்களைத் தணிக்கை செய்திருக்கிறேன். இந்த வாதத்தை எங்கும் உடைக்க முடிந்ததில்லை.

கோரிக்கையில் "வாங்க எண்ணவில்லை" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். ஓரிரு நாளில் பதில் வந்தது: இந்த வாங்குதல் தகுதி பெறவில்லை. ஏன் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்கு நீரூற்றின் சத்தம் கேட்டது. பொருளை எவ்வளவு பயன்படுத்தினோம் என்று விளையாட்டுக் கம்பெனியிடமும் கேட்டுப் பார்க்கக் கடைக்கு வழி உண்டு என்று படித்திருந்தேன்.

பூங்காவில் என்னோடு நடக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் சிரித்தார்.

"சார், குழந்தை அனுமதியில்லாம வாங்கிடுச்சுன்னு ஒரு காரணம் இருக்கு பாருங்க. அதைப் போட வேண்டியதுதானே?"

"எங்க வீட்டுல குழந்தையே இல்லையே."

"எங்க வீட்டுலயும்தான் இல்ல. அப்ப கார்டு கம்பெனிக்கு போன் பண்ணி, நாங்க வாங்கவே இல்லைன்னு சொல்லிடுங்க."

"கார்டு மாப்பிள்ளையோடது. அப்படி மறுத்தா கடைக்காரன் கணக்கையே முடக்கலாம். அதுக்கு அவர்கிட்டயே சொல்லிடலாம்."

"சொல்லிடுங்களேன்."

"உங்க சம்சாரம்னா சொல்வீங்களா?"

அவர் வேறு பாதையில் நடக்கத் தொடங்கினார்.

மறுபரிசீலனை கேட்க ஒரு வாய்ப்பு இருந்தது. அதில் விசாரணை அறிக்கை எழுதும் என் பழக்கத்தை விட்டுவிட்டு நடந்ததை எழுதினேன்: திரையை மூட அழுத்தியபோது ரேகை பதிந்தது, பாதி வைரம் செலவாகிவிட்டது, மீதி அப்படியே இருக்கிறது, பில் பதிவானதும் கேட்டோம், இந்தக் கணக்கில் இதற்குமுன் எதையும் வாங்கியதில்லை, பணம் திரும்பக் கேட்டதும் இல்லை. கடைசி வரிதான் என் பலம் என்று நினைத்தேன். அடிக்கடி கேட்பவர்களை அவர்கள் சந்தேகிப்பது இயல்பு. பிறகு, பணம் கட்டி வாங்கும் எதற்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பை மாற்றினேன். கடவுச்சொல்லை மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

காத்திருந்த நாட்களில் மாப்பிள்ளை என்னிடம் விசித்திரமாக அன்பு காட்டினார். "மாமா, இங்க போர் அடிக்குதா? லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போகட்டா?" என்றார். ஒரு சனிக்கிழமை எல்லோருக்கும் தோசை மாவு வாங்கி வந்தவர், எனக்கு மட்டும் தனியாக ஒரு காய்கறி பர்கர் கொண்டுவந்து வைத்தார். "உங்களுக்குப் பிடிக்குமேன்னு." மரியாதைக்காகச் சாப்பிட்டேன். மனைவி அதைக் கூர்ந்து பார்த்து, "தக்காளியை மேல வெக்கணும்" என்றாள்.

பிறகு ஒரு காலை, காபி ஆறுவதற்குள் அவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கே எனக்கு ரசீது வந்துடுச்சு. குழுவுல யார் வாங்கினாலும் எனக்குத்தான் மெயில் வரும். உங்க பேர் போட்டு, வைரப் பெட்டின்னு. நானும் சின்ன வயசுல இப்படித்தான். ரிட்டயர் ஆனா மனசுக்கு ஏதாவது வேணும்ல? நீங்க விளையாடுங்க மாமா. கொஞ்சம் சின்னப் பெட்டியா வாங்குங்க, அவ்வளவுதான்."

ரசீது யாருக்குப் போகும் என்பதுகூட எனக்குத் தெரியும். கார்டுக்காரருக்கு. அந்த ஒரு நடைமுறையை மட்டும் எங்கள் விஷயத்துக்குப் பொருத்திப் பார்க்க மறந்திருந்தேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மனைவி சர்க்கரை டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அப்படிப் பார்த்ததில்லை. சம்பந்தி வீடு, வரப்போகும் கல்யாணங்கள் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன.

"கடைக்குத் தரை சரியில்லை, மாப்பிள்ளை" என்றேன். "அதான் வாங்கினேன்."

"புரியுது மாமா" என்றார் அவர், மிகுந்த கருணையோடு.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே" என்றாள் என் மனைவி.

அன்று மாலை பதில் வந்தது. மறுபரிசீலனை ஏற்கப்பட்டது, பணம் கார்டுக்கே திரும்பும். சில நாள் ஆகலாம் என்றும் ஒரு வரி இருந்தது. இந்த நாட்டில் ஒவ்வொருவரும் அரசாங்கத்துக்கு வருமான வரிக் கணக்குக் காட்டி முடிக்க வேண்டிய அதே தேதியை அந்த மெயில் தாங்கியிருந்தது: ஏப்ரல் பதினைந்து.