மாப்பிள்ளைக்குக் கோட்டு எடுக்கப் போன ஞாயிறு

2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.20. காற்றே இல்லை, காரின் கதவைத் தொட்டால் கை சுட்டது. மேற்குத் தாம்பரத்துத் துணிக்கடை ஒன்றின் மூன்றாவது மாடிக்கு நான், மனைவி, மகள், மகளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை என நான்கு பேர் ஏறினோம். கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாலை வரவேற்பு. அதற்கு மாப்பிள்ளைக்குக் கோட்டு எடுத்துத் தருவது பெண் வீட்டார் பொறுப்பு.

விற்பனையாளர் மூன்றைப் பரப்பினார். வெயிஸ்ட் கோட்டும் டையும் சேர்ந்த நீல சூட். கழுத்துவரை பட்டன் மூடும் ஜோத்புரி கோட்டு. சந்தன நிறக் குர்தா செட், மேலே கையில்லாத ஜாக்கெட்.

"சூட்தான் சார் போட்டோல கிராண்டா இருக்கும்," என்றார்.

"ஜூன் மாசத்துல, லைட் முன்னாடி மூணு மணி நேரமா? வெந்துடுவாரு," என்றாள் மகள்.

"ஜோத்புரியே எடுங்களேன், கழுத்து மூடினாப்ல இருக்கும்," என்றாள் மனைவி.

மாப்பிள்ளை மூன்றையும் போட்டுப் பார்த்தார். கடைசியாகக் குர்தாவில் வந்தபோது மேல் பட்டன்கள் இரண்டும் திறந்திருந்தன. கழுத்துக் குழிக்குக் கீழே தொடங்கி, வெளுத்த தழும்பு ஒன்று நேராக மார்புக்குள் இறங்கியது. பைபாஸ் செய்துகொண்ட என் அண்ணன் மார்பில் அதே மாதிரித் தழும்பைப் பார்த்திருக்கிறேன். பத்திரிகை 450 அடித்தாகிவிட்டது.

"மாப்பிள்ளை, என்ன இது?"

"அஞ்சு வயசுல ஹார்ட்ல ஓட்டை இருந்துச்சு மாமா, அடைச்சுட்டாங்க. இப்ப வருஷத்துக்கு ஒரு செக்கப்தான். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொல்லிட்டாருப்பா. ரிப்போர்ட்ட டாக்டர்கிட்ட காட்டிட்டுதான் நான் சரின்னேன்," என்றாள் மகள்.

மனைவியைப் பார்த்தேன். அவள் ஜோத்புரியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயுமா?"

"உங்ககிட்ட சொன்னா? ராத்திரியெல்லாம் உக்காந்து அவரு நாடிய எண்ணிக்கிட்டு இருப்பீங்க."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் இருப்பது மூன்று பேர். இருவருக்கு நான்கு மாதமாகத் தெரிந்திருக்கிறது.

"உங்க சொந்தக்காரங்க ஏதாவது கேப்பாங்கன்னா சொல்லுங்க மாமா, ஜோத்புரியே போட்டுக்கறேன். மறைஞ்சிடும்," என்றார் மாப்பிள்ளை. மகள் கண் இமைக்காமல் என்னையே பார்த்தாள். அவள் எதிர்பார்த்த பதில் துணியைப் பற்றியதல்ல.

என்னிடம் மறைத்துவிட்டார்களே என்று கொதித்துக்கொண்டிருந்தேன். மறைப்பதற்கான துணியை நானே எடுத்துத் தருவதா?

"உங்களுக்கு எது பிடிக்குது?"

"குர்தாதான் மாமா. மூச்சு விட வசதியா இருக்கு."

மூச்சு என்றதும் போனைக் கையில் எடுத்தேன். "அந்த டாக்டர் நம்பர் குடுங்க. நான் ஒரு தடவை பேசணும்."

"தாராளமா பேசுங்க."

"ஆரம்பிச்சாச்சு," என்றாள் மனைவி. மகள் சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கைநீளத்தை அரை அங்குலம் குறைக்க அளவெடுத்தார்கள். பட்டனைப் போட்டுக்கொள்ளச் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. பில் போடும் இடத்தில் நான் டாக்டர் நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டிருந்ததால் கார்டின் எண்ணை மகளே அழுத்தினாள். குர்தா செட்டும் அதற்கேற்ற செருப்பும் சேர்த்து ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.