நிழல் இல்லாத பத்திரிகை

தி. நகரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் நானே வரைவேன். இப்போது என்ன படம் வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்தால் அதுவே வரைந்துவிடுகிறது. அந்த எழுத்துக்கு பிராம்ப்ட் என்று பெயர். வாடிக்கையாளர்கள் மட்டும் மாறவில்லை. ‘லைட்டா மாத்துங்க’ என்று ஆரம்பித்து முழுவதையும் மாற்றுகிறவர்கள்தான் இன்றும் வருகிறார்கள்.

போன தை மாதம் மயிலாப்பூரிலிருந்து ஒரு அப்பாவும் பெண்ணும் வந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நாற்காலியில் உட்காரும்போதே எதையோ நிராகரிக்கப்போகிற தோரணை. மண்டபம், சமையல், நாதஸ்வரம், பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எல்லாவற்றையும் அவரே முடிவு செய்துவிட்டாராம். பத்திரிகை ஒன்றையாவது தன் இஷ்டத்துக்கு விடச் சொல்லிப் பெண் கெஞ்சி வாங்கியிருந்தாள்.

அவளுக்கு வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. “காகிதத்தை வெட்டி அடுக்கடுக்கா ஒட்டினாப்ல இருக்கணும்க்கா. உள்ள கையை விட்டுப் பார்க்கலாம்னு தோணணும். நாலு கலர் போதும்” என்றாள்.

எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. முன்னால் மாவிலைத் தோரணம், அதற்குப் பின் வாழை மரங்கள், அப்புறம் தெப்பக்குளம், கடைசியில் கோபுரம். ஒவ்வொன்றும் தனித்தனிக் காகித அடுக்கு, நடுவில் மெல்லிய நிழல், வெளிச்சம் இடது மேல்பக்கத்திலிருந்து மட்டும், குங்குமம், மஞ்சள், சந்தனம், இலைப்பச்சை தவிர வேறு நிறம் கூடாது என்று எழுதினேன். முதல் தடவை கோபுரம் மாதா கோயிலாக வந்தது. இரண்டாவது தடவை வாழைக்குப் பதில் ஊட்டி பைன் மரம். மூன்றாவது படத்தைப் பார்த்துப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நடுநடுவுல கருப்பா இருக்கே, அது எதுக்கும்மா?”

“கருப்பு இல்ல சார், நிழல். சாம்பல் கலர்.”

“கல்யாணப் பத்திரிகைல சாம்பலா? என்னம்மா சொல்றேள்? எடுத்துடுங்கோ.”

‘கிரே’ என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். தமிழில் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

நிழல் வேண்டாம் என்று பிராம்ப்டில் சேர்த்தேன். இந்த இயந்திரங்களிடம் ஒரு கோளாறு உண்டு. வேண்டாம் என்று சொல்வதற்காகப் பெயரைச் சொன்னாலும், பல சமயம் சொன்ன பொருளையே கொண்டுவந்து வைக்கும். நிழல் இன்னும் தடிமனாக வந்து நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வையில், வேண்டுமென்றே செய்கிறேன் என்று நினைத்தது தெரிந்தது. அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு, எல்லாம் தட்டையாக இருக்கட்டும் என்று எழுதினேன்.

அப்படியே வந்தது. ஆழம் போய்விட்டது. கோபுரம் வாழை இலைமேல் உட்கார்ந்திருந்தது, தோரணம் குளத்தில் மிதந்தது. “இப்பதான் பளிச்சுனு இருக்கு” என்றார் அப்பா. பெண் நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புடவையைக்கூட விட்டுக்கொடுத்தவளுக்கு இந்த ஒரு காகிதம் மிஞ்சக் கூடாதா என்று அவரைக் கேட்டிருப்பேன். முதலாளி பக்கத்து மேசையில் இருந்தார்.

அப்போதுதான் யோசனை வந்தது. நிழல் கருப்பாகத்தான் இருக்க வேண்டுமா? சிவப்புக் காகிதத்தில் விழுகிற நிழல் அழுத்தமான சிவப்பு, மஞ்சளில் விழுவது அழுத்தமான மஞ்சள். ஒவ்வொரு அடுக்கின் நிழலும் அதற்குக் கீழே உள்ள காகிதத்தின் நிறத்திலேயே, கொஞ்சம் ஆழ்ந்து, ஓரம் மென்மையாக இருக்கட்டும் என்று எழுதினேன். கருப்பு, சாம்பல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. படம் மறுபடியும் ஆழமாக உள்ளே போனது. நாலு நிறத்தைத் தாண்டவும் இல்லை.

“இது என்ன, சிவப்பு ஓரத்துல?” என்றார்.

“அரக்கு, சார்.”

“அரக்கா? அரக்கு நம்மாத்துக்கு ராசி.” சாய்ந்து உட்கார்ந்தார். “நான் சொன்னேனோ இல்லியோ, அந்த நிழலை எடுத்ததும் எப்படி ஆழம் வந்துடுத்து பாருங்கோ.”

முதலாளி தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அப்பா வண்டியை எடுக்கக் கீழே போனார். பெயர்களைச் சரிபார்க்கப் பெண் இருந்தாள்.

“அப்பாவை ஏமாத்திட்டேன்னு நினைச்சுக்காதேம்மா, வேற வழி தெரியல” என்றேன்.

அவள் மாப்பிள்ளையின் பெயரில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தாள். “இவர் என் ஆபீஸ்தான்க்கா, நாலு வருஷமா தெரியும். லவ்வுன்னு சொல்லியிருந்தா அப்பா வாசல்லயே நிறுத்தியிருப்பார். தரகர் மூலமா இவர் ஜாதகத்தை அப்பாவுக்கு அனுப்ப வெச்சேன். தான் தேடிப் பிடிச்ச வரன்னு இன்னிக்கும் எல்லார்ட்டயும் சொல்லிண்டிருக்கார்.”