விரல் நிற்கும் இடம்

எல்லோருக்கும் அவள் சீட்டக்கா. கார் சீட்டோ சோபாவோ, ரெக்சின் கிழிந்தால் அவளைத்தான் தேடுவார்கள். வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்ப்பாள். ஒட்டுப் போட்ட இடத்தில் விரல் கொஞ்சம் தயங்கினாலும் போச்சு, அத்தனையையும் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். அவளை அவசரப்படுத்தி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

ஒரு வீட்டில் சோபாவின் கைப்பிடி கிழிந்திருந்தது. அந்த வீட்டு மகள், அப்பா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அக்காவை வரவழைத்தாள். பார்வை போனதிலிருந்து அப்பா அந்தக் கிழிசலையே தடவிக்கொண்டிருக்கிறார், நூல் நூலாகப் பிரிகிறது என்று குறைப்பட்டாள்.

அக்கா பிசிறுகளை வெட்டினாள். கிழிசலுக்கு அடியில் ஒட்டுத்துணியை நுழைத்துப் பசை தடவி அழுத்தினாள். பிறகு பள்ளத்தை நிரப்பும் பூச்சை மெல்லிசாக இழுத்து, சூடு காட்டி, இறுகியதும் அடுத்த பூச்சு. ரெக்சினின் மேல்வரிகளைப் பூச்சிலும் பதிக்க ஓர் அச்சு வேண்டும்; முதுகுப்பக்கத்தில் வரிகள் புதிதாக இருந்ததால் அதை விட்டுவிட்டு, கை பட்டுத் தேய்ந்த மறு கைப்பிடியில் அச்செடுத்தாள். கடைசிப் பூச்சு சூடாக இருக்கும்போதே அச்சை அழுத்தி, ஆறவிட்டு, நிறம் சேர்த்தாள். கண்ணை மூடித் தடவினாள். விரல் எங்கும் நிற்கவில்லை. மனசு நிறைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு பெரியவர் வந்தார். கைப்பிடியைத் தடவினார். முன்னும் பின்னும் தேடினார். உட்காராமல் நின்றார்.

"என் இடம் எங்கம்மா?"

"இதுதான்பா. கிழிசலைச் சரி பண்ணிட்டோம்."

அவர் முகம் வாடிப்போனது. "உங்கம்மா கத்தரிக்கோல் பட்ட இடம்மா அது. பக்கத்துல உக்காந்து எனக்குச் சட்டை தைக்கறப்ப."

அம்மா இறந்த பிறகு அவர் அந்த இடத்தை விட்டு மாறி உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் மகளுக்கு உறைத்தது. சீட்டக்கா தான் ஒட்டிய கைப்பிடியைத் திரும்பிப் பார்த்தாள். நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரு மனுஷனை அவர் வீட்டிலேயே வழி தெரியாமல் நிற்க வைத்துவிட்டோமே.

மறுபடி கிழிக்க மனசு வரவில்லை. கிழித்தால் அது அவள் கிழிசலாகத்தானே இருக்கும்? சூடு காட்டும் கருவியை எடுத்தாள்.

"எப்படி இருந்துச்சுன்னு காட்டுங்கய்யா."

அவர் கைப்பிடியின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். "முனையில கொஞ்சம் வளையும். நான் கூப்பிட்டதும் அவ திரும்பிட்டா, கத்தரியும் திரும்பிடுச்சு."

அக்கா அந்த இடத்தைப் பதமாகச் சூடாக்கி, பூச்சு இழுக்கும் தகட்டின் விளிம்பால் கோட்டை அழுத்தி, முனையில் வளைத்தாள். நன்றாக ஆறியதும் வழக்கம்போலக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள். விரல் நின்றது. சுரண்டவில்லை.

பெரியவர் தடவினார். வளைவு வந்ததும் கை அங்கேயே தங்கிவிட்டது. மெதுவாக உட்கார்ந்து, பக்கத்தில் ஒருவருக்கு இடம் இருக்கும்படி ஒதுங்கிக்கொண்டார்.