அரக்குச் சாயமும் அண்ணனின் வலது காலும்

சாயம் ஏறாத பச்சைப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கும்போது ஒரு வாசனை கிளம்பும். பட்டின் பசை உருகி நீரில் இறங்கும் வாசனை. நனைந்த கம்பளியைக் கஞ்சியில் முக்கியெடுத்தது போல இருக்கும். பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருக்களில் இருக்கிறவர்களுக்கு அது வாசனையாகவே தெரியாது. நான் ஊருக்குள்ளேயே வேறு பக்கம் வீடு மாறிப்போனவன், எனக்குத் தெரியும். போன வாரம் சைக்கிளில் அங்கே ஒரு சந்து வழியே போகையில் அது மூக்கில் ஏறியது. உடனே எனக்கு நினைவுக்கு வந்தது பட்டு அல்ல, ஒரு பாதம். என் மடியில் கிடந்த அண்ணனின் வலது பாதம்.

அண்ணன் சாயக்காரர். வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் செம்பு அண்டா, அடியில் விறகு, கற்றை கற்றையான நூல் கழிகளைக் கோர்த்துப் புரட்ட மூங்கில் கோல்கள். சர்க்கரை வந்து வெகுகாலம். காலில் உணர்ச்சி போய்விட்டது என்பதை நான் சொல்லப்போகும் நாளுக்கு முந்தைய கோடையில்தான் கண்டுபிடித்தோம். உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றிவிட்டு, எதுவும் நடக்காதவர் போல வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தார். பாயில் ஈரம் கண்டுதான் அண்ணி காலைப் பார்த்தார். உள்ளங்கால் இரண்டும் பொத்துப்போயிருந்தன. கல் சுட்டது கூட அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் ஆறிவிட்டது, வலது சுண்டுவிரலைத் தவிர. அதை எடுத்துவிட்டார்கள். "அடுத்த தடவை விரலோட நிக்காது" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அண்ணி தினமும் சாயங்காலம் காலைப் பார்க்க ஆரம்பித்தார். வேலை முடிந்ததும் ஒரு பேசினில் தண்ணீர். அதன் சூட்டை அண்ணன் பார்க்கக் கூடாது, அவர் காலுக்குச் சூடு தெரியாது. அண்ணி தன் முழங்கையை விட்டுப் பார்ப்பார். ஊறப்போடுவது கிடையாது, கழுவுவது மட்டும். பிறகு பழைய வெள்ளை வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் உலர்த்தி, டார்ச் அடித்து மேல்பக்கம், குதிகால், உள்ளங்கால், நகத்தின் ஓரம் என்று பார்வை ஓடும். வெடிப்பு, சிவப்பு, கொப்புளம், வீக்கம். கடைசியில் தேங்காய் எண்ணெய், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் புண்ணாகும். உள்ளே கல் கில் இருந்தால் விழட்டும் என்று செருப்பைக் கவிழ்த்து ஒரு தட்டு. வெறுங்கால் என்பது வீட்டுக்குள்ளும் கிடையாது.

அண்ணன் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியதும் அண்ணி அரக்கோணம் போக வேண்டியதாயிற்று. காலை யார் பார்ப்பது என்ற கேள்வி என்னிடம் வந்து நின்றது. அண்ணனால் குனிய முடியாது, வயிறு விடாது. கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்தான், ஆனால் கண்ணும் மங்கல்.

"கவிதை எழுதறவனுக்கு இன்னா தெரியும் காலைப் பத்தி" என்றார் அண்ணன்.

"தெரியாதுதாங்க. அதனாலதான் நல்லா பாப்பாரு. தெரிஞ்சவங்கதான் பாக்காமலே நல்லாருக்குதுன்னுடுவாங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி பஸ் ஏறினார்.

நான் தினம் சாயங்காலம் போவேன். எனக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இன்னொரு மனிதனின் பாதத்தை மடியில் வைத்துப் பார்ப்பது விசித்திரமான காரியம். முதல் நாள் எனக்கே கூச்சமாக இருந்தது. அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு விலைவாசி பேசினார். அப்புறம் பழகிவிட்டது. அந்தப் பாதம் ஒரு நிலப்படம் போல எனக்கு மனப்பாடமானது: பழைய தழும்பு எங்கே, கடினத் தோல் எங்கே, சுண்டுவிரல் இருந்த இடத்தின் மழுங்கல் எங்கே.

அந்த வாரம் வேலை அரக்கு நிறத்தில் வந்தது. முகூர்த்தப் புடவைகளுக்கான நூல். அண்டா கொதித்துத் தெறித்தது. அண்ணனின் கை முழங்கை வரை அரக்கு, கால் கணுக்கால் வரை அரக்கு. சோப்புப் போட்டாலும் போகாது, தோல் உரிந்து உரிந்துதான் போகும். டார்ச் அடித்தேன். எங்கும் சிவப்பு. சிவப்பைத் தேடச் சொன்ன இடத்தில் சிவப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டு நாள் அப்படியே பார்த்து, வெடிப்பு இல்லை, வீக்கம் இல்லை என்று விட்டேன். மூன்றாம் நாள் மனது ஒப்பவில்லை. கிளினிக் நர்ஸம்மா சொல்லிக்கொடுத்ததை அண்ணி ஊருக்குக் கிளம்பும் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார்: கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் புறங்கையை வை, இரண்டு காலையும் ஒப்பிடு.

வைத்தேன். இடது பாதத்தின் பெருவிரல் அடிமேடு சாதாரணமாக இருந்தது. வலது பக்கம் அதே இடம் வெதுவெதுவென்று இருந்தது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். சந்தேகமே இல்லை.

"அண்ணா, இங்க சூடா இருக்குது."

"அண்டா பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தேன். சூடு இல்லாம குளிரா இருக்கும்?"

"ரெண்டு காலும்தானே நின்னுது?"

வெள்ளைத் துணியை எடுத்து அந்த இடத்தில் மட்டும் ஒற்றி அழுத்தினேன். மற்ற இடங்களில் துணி சுத்தமாகவே வந்தது, சாயம் தோலோடு தோலாகப் பிடித்திருந்தது. இங்கே துணியில் ஈரம் ஒரு பட்டாணி அளவுக்கு ஊறியது, வெளிர் சிவப்பாக. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். அப்போதுதான் ஒளி ஒரு மேட்டில் பட்டு மினுங்கியது. கொப்புளம். ஒரு ஓரத்தில் தோல் கிழிந்திருந்தது. நாற்றம் இல்லை. அவருக்கு வலியும் இல்லை. வலி இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எதனால் என்று தேடினேன். அண்ணி வாங்கித் தந்த, சர்க்கரைக்காரர் காலுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு அலமாரியில் புத்தம் புதிதாக இருந்தது. "அத சாயத்துல போட்டு மிதிச்சா உங்க அண்ணி என்னைய மிதிப்பா" என்றார். கொட்டகையில் அவர் போட்டிருந்தது பழைய ரப்பர் செருப்பு. அதன் முன்வார் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. புதுசு வாங்காமல், சாயக்காரர் செய்வது போலவே செய்திருந்தார்: மீந்த பட்டு நூலை முறுக்கி ஓட்டையில் நுழைத்துக் கட்டியிருந்தார். முடிச்சை அடிப்பக்கம் போட்டால் ஈரத் தரையில் வழுக்கும் என்று கால் படும் மேல்பக்கம் போட்டிருந்தார். பெருவிரல் பக்கமாகச் சாய்ந்த ஒரு முடிச்சு. விரலால் தொட்டேன். புளியங்கொட்டை போல இருந்தது. வேறு எந்த நூலாக இருந்திருந்தாலும் நைந்து தளர்ந்து போயிருக்கும். இது பட்டு. அவர் நிற்க நிற்க இறுகியிருந்தது. தினமும் நான் இந்தச் செருப்பைத்தான் கவிழ்த்துத் தட்டினேன். தட்டினால் கட்டின முடிச்சு விழுமா?

"முடிச்சு எப்படி போட்ருக்கேன் பாத்தியா? அசையல" என்றார். ஒரு கணம் பெருமைதான் இருந்தது அவர் குரலில்.

"இப்ப கிளம்பு. ஆஸ்பத்திரிக்கு."

"இந்தக் கழிய இன்னும் ஒரே ஒரு முக்கு முக்கணும்டா. விட்டுட்டா நிறம் மாறிடும், மத்த கழியோட சேராது. நாளைக்குக் காலையில மொத ஆளா போலாம்."

"நாளைக்கு இல்லண்ணா."

"எனக்கே ஒண்ணும் தெரியலன்றேன், நீ இன்னாடா."

எனக்கு அவரோடு வாதாடத் தெரியாது. அண்ணிக்கு வீடியோ கால் போட்டேன். அவர் மகளின் அறையில் இருந்தார், பின்னால் மின்விசிறி சத்தம். போனை அண்ணனின் பாதத்துக்கு நேராகப் பிடித்தேன். அண்ணி முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இவளுக்கு இன்னிக்கோ நாளைக்கோ. ஆனா நீங்க இப்ப ஆட்டோ ஏறலைன்னா நான் பஸ் ஏறிடுவேன். அப்புறம் பேரப்பிள்ளை பொறக்கும்போது நான் ஏன் இல்லன்னு உங்க பொண்ணு கிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

அண்ணன் குனிய முடியாமல் குனிந்து விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார். நூல் அண்டாவில் மிதந்தது. அதைப் பார்த்தபடியே ஆட்டோவில் ஏறினார்.

கிளினிக்கில் நர்ஸம்மா கையுறை மாட்டிக்கொண்டு முதலில் கேட்டது: "கொப்புளத்த நீங்களா ஒடைக்கல இல்ல? ஊசி கீசி வெச்சீங்களா?"

"இல்லமா. அதுவா கிழிஞ்சிருக்குது."

"மஞ்சள், சுண்ணாம்பு?"

"ஒண்ணும் போடல."

"அப்போ பொழைச்சீங்க" என்றார்.

டாக்டர் வந்து பாதத்தின் மேல்பக்கம் விரல் வைத்து நாடி பார்த்தார், புண்ணின் ஆழம் பார்த்தார். மேலோட்டம்தான், சீழ் இல்லை, எலும்பு வரை போகவில்லை. சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். மாத்திரை எழுதினார்கள். ஆறும்வரை அந்த இடத்தில் எடை விழக் கூடாது, அதற்கென்று அங்கே மட்டும் பள்ளம் விட்ட செருப்பு, அதையும் குறைவாகத்தான் போட வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வர வேண்டும். அண்டா முன்னால் நிற்பது கிடையாது.

"நிக்காம எப்படிமா சாயம் போடறது?" என்றார் அண்ணன்.

"கால் இல்லாம எப்படி நிப்பீங்க?" என்றார் நர்ஸம்மா. கேலியாகத்தான் சொன்னார். அண்ணன் சிரிக்கவில்லை. சுண்டுவிரல் இல்லாத இடத்தையே பார்த்தார். பிறகு கிளம்பும்போது நர்ஸம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தக் காலை காப்பாத்தறேன்னு பூரா எடையையும் அந்தக் கால்ல போடுவீங்க. அதயும் தினம் பாருங்க."

வீட்டுக்குக் கூட்டிவந்து, கட்டிலில் உட்காரவைத்து, காலை நாற்காலியில் தூக்கி வைத்தேன். பக்கத்து வீட்டுச் சாயக்காரர் வந்து அண்டாவைப் பார்த்தார். முக்கின கழி கொஞ்சம் திட்டுத் திட்டாகத்தான் பிடித்திருந்தது. "வேற நிறத்துக்கு மாத்திக்கலாம்பா, அரக்குக்கு மேல எது போட்டாலும் கருக்கும், கருப்புக்கே போட்டுடு" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். நான் அண்ணிக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு அவர் ஒரு கேள்விதான் அனுப்பினார்: சாப்பிட்டாரா?

சாப்பிட்டார். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினேன்.

"டேய்" என்றார் உள்ளே இருந்து. "இடது கால் விரல் இடுக்கு நீ இன்னிக்குப் பாக்கவே இல்ல."

சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பப் போனேன். டார்ச்சை எடுத்தேன். ஒவ்வொரு இடுக்காக விரித்துப் பார்த்தேன். அவர் இந்தத் தடவை கூரையைப் பார்க்கவில்லை, ஒளி போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லண்ணா. நல்லாருக்குது."

"புறங்கைய வெச்சியா?"

வைத்தேன்.

"சரி. இப்போ போ."