நின்றுபோன விடுதிப் படி

என் தம்பி காப்ரியல் மலேசியாவில் அசாம் ஜாவா பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. எண்பத்து நான்கில் வந்த புதிய சம்பளத் திட்டத்தில் பிள்ளைகளின் விடுதிப் படி இல்லை. பழைய ஆட்களுக்கு மட்டும், பிள்ளை விடுதியில் இருக்கும்வரை கொடுத்தார்கள். நின்றால் மறுபடி கிடைக்காது. அது இல்லாமல் அவன் மகள் கான்ஸ்டன்ஸைக் கிள்ளானில் படிக்கவைக்க வழியில்லை.

அவளோ மஞ்சள் காமாலையால் விடுதியை விட்டு வீட்டோடு கிடந்தாள்.

“படிய சும்மா போட்டுக்கோ லா தம்பி. பெரிய தொரைக்கு எங்க தெரியப் போவுது?” என்று அழுதேன்.

“சம்பளக் கணக்கு எழுதுறதே நான்தானக்கா. போன வருசம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அந்தோனி மவன் விடுதிய விட்டப்ப, அவருக்கு நிறுத்துனவனும் நான்தான்.”

அந்த மாதம் தன் படியையும் அவனே நிறுத்தினான். கான்ஸ்டன்ஸ் பிழைத்துக்கொண்டாள், பள்ளிக்கூடம் திரும்பவில்லை.